பண்டிகை நேரத்துல தானா போற பதில்: எங்க பலகாரக் குழு செஞ்ச விதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலையோட சேர்த்து எங்க குழுவோட பலகார வேலையையும் பார்க்கிறேன். தீபாவளி நேரத்துல வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் வர்ற விசாரிப்புக்குத் தானா பதில் போற மாதிரி எப்படி வச்சோம்னு பேசச் சொன்னாங்க. பொங்கலுக்கு வெல்லம், மசாலா, துணிப்பைன்னு விக்கிற குழுக்களும் கேட்டிருந்தீங்க. அதனால 2025 தீபாவளிக்கு நாங்க செஞ்சதை அப்படியே வரிசையா சொல்றேன்.

முதல்ல எங்க நிலைமையைச் சொல்லிடறேன். முறுக்கு, அதிரசம், சீடை, மிக்சர் நாலும் போடறோம். அடுப்படியில அஞ்சு பேர். ரெண்டு அடுப்பு. ஒரு நாளைக்கு எவ்வளவு முயன்றாலும் இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல வராது. சங்கத்துக் கடன்லதான் எண்ணெயும் வெல்லமும் வாங்கினோம். போட்ட பலகாரம் அத்தனையும் வித்தாத்தான் தவணை கட்ட முடியும். போடாத பலகாரத்துக்குக் காசு வாங்கிட்டாலும் ஆபத்து, போட்ட பலகாரம் தேங்கிட்டாலும் ஆபத்து.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கிறப்போ ஒரு நாளைக்கு நாப்பது அம்பது பேர் வாட்ஸ்அப்ல கேக்கிறாங்க. பாதிப் பேர் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கேப்பாங்க, ஏன்னா அப்பத்தான் அவங்களுக்கு வேலை முடியுது. எங்களுக்கு அந்த நேரம் மாவு அரைச்சு முடிச்சு கண்ணு சொருகுற நேரம். பகல்ல கேட்டாலும் கையில எண்ணெய், மாவு. போனைத் தொட முடியாது. கேட்டவங்களுக்கு ஒரு மணி நேரம் பதில் இல்லைன்னா அடுத்த கடைக்குக் கேட்டுடறாங்க. இதுக்குத்தான் தானா போற பதில்.

வாட்ஸ்அப் பிசினஸ்ங்கற தனி ஆப்லதான் இந்த வசதி இருக்கு. நாம சாதாரணமா வச்சிருக்கிற வாட்ஸ்அப்ல கிடையாது. காசு எதுவும் கேக்காது. ஒரே நம்பரை ரெண்டு ஆப்லயும் ஒரே நேரத்துல வச்சுக்க முடியாது. அதனால குழுவுக்குன்னு தனி சிம் வாங்கி அதுல போட்டுக்கிட்டோம். வீட்டு ஆளுங்க பேச்சும் வியாபாரப் பேச்சும் கலக்காம இருக்கு.

அந்த ஆப்ல Business tools னு ஒரு இடம் இருக்கும். போனுக்குப் போன் அது இருக்கிற இடம் கொஞ்சம் மாறும், ஆனா பேரு அதுதான். அதுக்குள்ள மூணு விஷயம் நமக்கு வேணும். ஒண்ணு Greeting message. புதுசா ஒருத்தர் முதல் தடவை எழுதினா, இல்ல பதினாலு நாள் பேச்சே இல்லாம இருந்து திரும்ப எழுதினா, அவங்களுக்குப் போற வரவேற்பு அது. ரெண்டாவது Away message. நாம பதில் சொல்ல முடியாத நேரத்துல போறது. மூணாவது Quick replies. அது தானா போகாது. நாம அடிக்கடி எழுதற பதிலை முன்னாடியே எழுதி வச்சுக்கிட்டு, ஒரு சாய்கோடு போட்டுச் சின்ன வார்த்தை அடிச்சா முழுப் பதிலும் வந்து நிக்கும். நாங்க விலைப் பட்டியலுக்கு /vilai னு வச்சிருக்கோம்.

பண்டிகை ரெண்டு வாரத்துக்கு நாங்க Greeting message ஐ நிறுத்திட்டு Away message மட்டும் வச்சோம். பழைய வாடிக்கைக்காரங்க போன வாரம்கூடப் பேசியிருப்பாங்க, அவங்களுக்கு வரவேற்பு போகாது. ஆனா கடைசித் தேதி அவங்களுக்கும் தெரியணும். எல்லாருக்கும் போய்ச் சேர்றது Away message தான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். அந்தப் பதில்ல என்ன எழுதணும்.

ஆப்லயே இங்கிலீஷ்ல ஒரு பதில் ரெடியா இருக்கும். உங்க செய்திக்கு நன்றி, இப்ப நாங்க இல்லை, சீக்கிரம் பதில் சொல்றோம்னு அர்த்தம். அதை அப்படியே விட்டா வாங்க வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சீக்கிரம்னா எப்போ? இன்னைக்கா, தீபாவளி முடிஞ்சா? அவங்க வீட்டுல ஆள் வர்ற கணக்கு இருக்கு, சீர் அனுப்பற கணக்கு இருக்கு. தெரியாத ஒண்ணுக்காகக் காத்திருக்க மாட்டாங்க.

இன்னொரு விதமும் பார்த்திருக்கோம். பக்கத்து ஊர்ல ஒரு குழு, பேர் வேண்டாம், உங்கள் ஆர்டர் பெறப்பட்டது, நன்றின்னு தானா போற மாதிரி வச்சிருந்தாங்க. ஒருத்தர் அஞ்சு கிலோ மிக்சர் வேணும்னு எழுதினார். உடனே அந்தப் பதில் போச்சு. அவர் ஆர்டர் முடிஞ்சதுன்னு நிம்மதியா இருந்துட்டார். குழுவுல அந்தச் செய்தியை யாரும் பார்க்கல, நூறு செய்திக்குக் கீழ போயிடுச்சு. தீபாவளிக்கு முந்தின நாள் கார் எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறார். மிக்சர் இல்லை. போனைத் திறந்து உங்க பதிலைப் பாருங்கன்னு காட்டறார். அவங்களால ஒண்ணும் பேச முடியல. அந்த அஞ்சு கிலோ போனது பெரிசில்ல. அவர் வேலை பார்க்கிற ஆபீஸ்ல இருந்து அதுக்கப்புறம் ஒருத்தரும் அவங்ககிட்ட வாங்கல.

செய்தி வந்து சேர்ந்ததுங்கறது வேற, ஆர்டரை எடுத்துக்கிட்டோம்ங்கறது வேற. தானா போற பதிலுக்கு முதலாவதுதான் தெரியும். ரெண்டாவதை மனுஷங்கதான் சொல்லணும். இதை எங்க குழுக் கூட்டத்துல பேசி, எழுதற பதில்லயே அதை வெளிப்படையாப் போட்டோம்.

நாங்க எழுதின முதல் பதில் இது. 2025ல தீபாவளி அக்டோபர் 20, திங்கக்கிழமை. இந்தப் பதில் அக்டோபர் 6ல இருந்து போச்சு.

வணக்கம். இது தானாகப் போகும் பதில். நாங்கள் அடுப்படியில் இருக்கிறோம்.
தினமும் மதியம் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் செய்திகளைப் பார்த்துப் பதில் எழுதுவோம்.
ஆர்டர் என்றால் இந்த நான்கையும் அனுப்புங்கள்: என்ன பலகாரம், எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு, எந்த ஊர்.
அதிரசம் ஆர்டர் அக். 11 வரை. மற்றவை அக். 14 மாலை 6 மணி வரை.
நாங்கள் மொத்தத் தொகை எழுதி அனுப்பிய பிறகே ஆர்டர் உறுதி. அதற்கு முன் பணம் அனுப்ப வேண்டாம்.
அவசரம், அல்லது வாங்கிய பொருளில் குறை என்றால் போன் செய்யுங்கள்: (செல் நம்பர்)

இவ்வளவுதான். ஒவ்வொரு வரியும் ஏன் வந்ததுன்னு சொல்றேன்.

தானாகப் போகும் பதில்னு முதல் வரியிலேயே சொல்லிட்டோம். இல்லைன்னா ராத்திரி பதினொன்றரைக்கு உடனே பதில் வந்ததும், யாரோ முழிச்சிருக்காங்கன்னு நெனச்சு அடுத்தடுத்துக் கேள்வி கேப்பாங்க. பதில் வரலைன்னா, பார்த்துட்டுப் பேசாம இருக்காங்கன்னு கோவம் வரும்.

மதியம் 2, இரவு 9ன்னு நேரத்தைக் குறிச்சோம். இதுக்குக் குழுவுல பெரிய பேச்சு நடந்துச்சு. ஒரு தங்கச்சி ஒரு மணி நேரத்துக்குள்ள பதில்னு போடலாம்னு சொல்லுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா யார் அடுப்பை விட்டு எழுந்து போறது? முறுக்கு எண்ணெயில இருக்கிறப்போ எழுந்தா கருகிடும். அதனால எங்களால நிச்சயமா முடியற நேரம் எதுன்னு பார்த்தோம். மதியம் சாப்பாட்டுக்கு அடுப்பு அணையுது, ராத்திரி எட்டரைக்கு வேலை முடியுது. அந்த ரெண்டு நேரத்தைத்தான் எழுதினோம். அந்த நேரத்துக்குப் போன் பார்க்கிற பொறுப்பை ரெண்டு பேருக்கு முறை வச்சுக் கொடுத்தோம். சொன்ன ரெண்டு நேரமும் ஒரு நாள்கூடத் தவறல. தவறாம வந்ததாலதான் ஜனங்க காத்திருந்தாங்க.

நாலு விவரம் கேட்ட வரி எங்களுக்கு நேரத்தை மிச்சம் பண்ணுச்சு. முறுக்கு இருக்கான்னு மட்டும் கேட்டா, இருக்கு, எத்தனை கிலோ, எப்போ வேணும், எங்க அனுப்பணும்னு நாலு தடவை போய் வரணும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் ஆகும். முதல்லயே நாலையும் கேட்டுட்டா, மதியம் 2 மணிக்கு உக்காரும்போது கணக்குப் போட எல்லாம் கையில இருக்கு.

அதிரசத்துக்குத் தனித் தேதி ஏன்னு உங்களுக்கே தெரியும். பச்சரிசி ஊறவச்சு நிழல்ல உலர்த்தி இடிச்சு, வெல்லப் பாகுல கிளறி, அந்த மாவை ரெண்டு மூணு நாளாவது வச்சாத்தான் அதிரசம் பதமா வரும். 14ஆம் தேதி வந்து அதிரசம் கேட்டா மாவு இருக்காது. முறுக்குக்கு அன்னைக்கு மாவு பிசைஞ்சா அன்னைக்கே புழியலாம். உங்க பொருளுக்கும் இதே மாதிரி எதுக்கு எத்தனை நாள் வேணும்னு பின்னாலிருந்து எண்ணிக்கிட்டு வந்து கடைசித் தேதி வைங்க. எல்லாத்துக்கும் ஒரே தேதி வச்சா ஏதோ ஒரு பொருள் இடிக்கும்.

பணம் அனுப்ப வேண்டாம்ங்கற வரியைப் பார்த்து நிறைய பேர் ஆச்சரியப்பட்டாங்க. காசு வர்றதை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களான்னு கேட்டாங்க. காரணம் இருக்கு. தானா போற பதில்ல ஜிபே நம்பரைப் போட்டுட்டா, ஜனங்க நம்ம பதிலைப் பார்க்காமலே ஒரு தொகையை அனுப்பிடுவாங்க. கணக்குல பணம் வந்திருக்கும், வீட்டுக்காரர் பேர்ல இருந்து வரும், மகன் பேர்ல இருந்து வரும். வாட்ஸ்அப்ல கேட்டது அம்மாவா இருக்கும். எந்தப் பணம் எந்த ஆர்டருக்குன்னு தேடறதே ஒரு வேலை. அதுக்குள்ள நம்ம இருபத்தஞ்சு கிலோ நிறைஞ்சு போயிருந்தா, பணத்தைத் திருப்பி அனுப்பணும். குழுக் கணக்குல இருந்து திருப்பறது, தீர்மானப் புத்தகத்துல எழுதறதுன்னு எல்லாம் இருக்கு. அதனால தொகையை நாங்க எழுதி அனுப்பும்போதுதான் அதோட சேர்த்துப் பணம் போடற நம்பரும் அனுப்பினோம்.

கடைசி வரியில வாங்கிய பொருளில் குறைன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. தானா போற பதிலுக்குப் படிக்கத் தெரியாது. யார் என்ன எழுதினாலும் ஒரே பதில்தான் போகும். பார்சல் பிரிச்சுப் பார்த்து முறுக்கெல்லாம் நொறுங்கிப் போச்சுன்னு ஒருத்தர் போட்டோ அனுப்பினாலும், என்ன பலகாரம், எத்தனை கிலோன்னுதான் அது கேக்கும். வயிறு எரியாதா? திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா அப்படித்தான் போட்டோ அனுப்பினாங்க. இந்தப் பதில் போச்சு. ஆனா குறை இருந்தா போன் பண்ணுங்கன்னு அதுலயே இருந்ததால உடனே கூப்பிட்டாங்க. மறுநாள் பார்சல்ல ஒரு கிலோ மாத்தி அனுப்பினோம். அந்த நம்பரை எடுக்கிறவங்க அடுப்படியில இல்லாத ஆளா இருக்கணும். எங்க பொருளாளர் அக்கா வீட்டு நம்பரைத்தான் போட்டோம், அவங்க பேக்கிங்தான் பார்ப்பாங்க.

இன்னொண்ணு, அந்தப் பதில்ல இல்லாத ஒரு வரியைப் பத்தி. தீபாவளி நல்வாழ்த்துகள்னு போடலையேன்னு கேட்டாங்க. ஆர்டர் கொடுத்த ஒரு வீட்டுல பெரியவர் தவறிட்டார். வீட்டுல துக்கம், இந்த வருஷம் பண்டிகை இல்லை, பலகாரம் வேண்டாம்னு அந்தப் பொண்ணு எழுதுச்சு. அதுக்குப் பதிலா வாணவேடிக்கைப் படத்தோட வாழ்த்துப் போயிருந்தா எப்படி இருக்கும்? தீபாவளி சமயத்துல இந்த மாதிரி செய்தி ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும். அதனால தானா போறதுல வாழ்த்து வேண்டாம். யாருக்கு வாழ்த்துச் சொல்லணுமோ அவங்களுக்கு நாமளே கையால எழுதிக்கலாம். அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு மதியம் 2 மணிக்குக் காத்திருக்காம போன் போட்டே பேசினோம்.

இனி அதை ஆப்ல எப்படி வைக்கிறதுன்னு பார்க்கலாம். Away message ஐத் திறந்து அனுப்பறதை ஆன் பண்ணிட்டு, நம்ம பதிலை எழுதணும். அதுக்குக் கீழ Schedule னு இருக்கும். அதுல மூணு வகை. எப்பவும் போறது ஒண்ணு. நாம குறிக்கிற தேதி நேரத்துல இருந்து இன்னொரு தேதி நேரம் வரைக்கும் போறது ஒண்ணு, அதுக்கு Custom schedule னு பேர். கடை திறக்கிற நேரம் தவிர மத்த நேரத்துல போறது இன்னொண்ணு. நாங்க ரெண்டாவதை எடுத்தோம். அக்டோபர் 6 காலை 6 மணி தொடக்கம், அக்டோபர் 14 மாலை 6 மணி முடிவு. ஆர்டர் முடியற நேரத்துக்குச் சரியா அந்தப் பதிலும் தானா நின்னுடும். பழைய பதில் 15ஆம் தேதியும் போய்க்கிட்டு இருந்தா, ஆர்டர் இன்னும் எடுக்கிறாங்கன்னு நெனப்பாங்க.

அதுக்கும் கீழ Recipients னு இருக்கும், யாருக்குப் போகணும்னு. எல்லாருக்கும்னு வைக்கலாம். சிலரைத் தவிர்த்து எல்லாருக்கும்னு வைக்கலாம், அது Everyone except னு இருக்கும். நாங்க வெல்லக்காரர், எண்ணெய்க் கடை, கேஸ் போடறவர், கூட்டமைப்பு அலுவலகம் நாலையும் தவிர்த்துட்டோம். அந்த நாலு பேருக்கும் நம்ம ஆர்டர் விவரம் போய் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு பெரிய விஷயம். இந்தப் பதில் போகணும்னா நம்ம போன் உயிரோட, நெட்டோட இருக்கணும். சார்ஜ் தீர்ந்தாலோ டேட்டா முடிஞ்சாலோ பதில் போகாது. நாம அதைத் தெரிஞ்சுக்கவும் முடியாது, எல்லாம் சரியா நடக்கிற மாதிரியே இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, தினமும் காலையில வேற ஒரு நம்பர்ல இருந்து ஒரு வணக்கம் போட்டுப் பாருங்க. பதில் திரும்பி வந்தா வேலை செய்யுது. எங்க ஊர்ல பகல்ல கரண்ட் போகும். அதனால போனை அடுப்படிக்குக் கொண்டு போகாம, பேக்கிங் நடக்கிற வீட்டுல சிக்னல் நல்லா இருக்கிற ஜன்னல் ஓரமா சார்ஜ்லயே வச்சிருந்தோம். அந்த மாசத்துக்கு டேட்டாவையும் முன்னாடியே போட்டுட்டோம்.

பதிலோட நீளமும் பார்க்கணும். வாட்ஸ்அப்ல செய்தி நீளமாப் போனா பாதியில மடிஞ்சு, மிச்சத்தைப் படிக்க அழுத்தணும்னு காட்டும். வயசானவங்க அழுத்த மாட்டாங்க. விலைப் பட்டியலையும் இதுலயே போடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. போட்டா கடைசித் தேதி மடிப்புக்குள்ள போயிடும். அதனாலதான் விலையை /vilai ல தனியா வச்சுக்கிட்டோம்.

இப்ப ஒரு ஆர்டர் எப்படிப் போச்சுன்னு முழுசாச் சொல்றேன். அக்டோபர் 8ஆம் தேதி ராத்திரி 11.40க்கு மதுரையில இருந்து ஒரு அம்மா, முறுக்கு, அதிரசம் கிடைக்குமான்னு கேட்டாங்க. நாங்க எல்லாரும் தூக்கம். நம்ம பதில் போச்சு. அதைப் படிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல, முறுக்கு 2 கிலோ, அதிரசம் 1 கிலோ, 17ஆம் தேதிக்குள்ள, மதுரைன்னு எழுதிட்டாங்க. மறுநாள் மதியம் 2 மணிக்கு முறைக்காரத் தங்கச்சி பார்த்துச்சு. நோட்டைத் திறந்து 15ஆம் தேதி அனுப்பற பக்கத்துல இன்னும் இடம் இருக்கான்னு பார்த்துச்சு. இருந்தது. முறுக்கு கிலோ 320, ரெண்டு கிலோ 640. அதிரசம் 380. பார்சல் 120. மொத்தம் 1140 ரூபாய், இன்னைக்கு இரவுக்குள்ள பணம் போட்டா 15ஆம் தேதி அனுப்பறோம்னு எழுதி, பணம் போடற நம்பரையும் சேர்த்து அனுப்புச்சு.

அனுப்பினதும் அந்தப் பேச்சுக்கு ஒரு அடையாளம் வச்சுச்சு. ஆப்ல Labels னு கலர் அடையாளம் இருக்கு. New order, Pending payment, Paid னு பேரோடவே வருது. தொகை சொன்னதும் Pending payment, பணம் வந்ததும் Paid. சாயந்திரம் பணம் வந்துச்சு, மாத்தியாச்சு. நோட்டுலயும் டிக் போட்டாச்சு. அந்த அம்மா எழுதினது மூணே செய்தி. நாங்க எழுதினது ரெண்டு. ராத்திரி 11.40க்கு வந்த ஆர்டர் கை நழுவாம நின்னுச்சு.

இந்த அடையாளம் இன்னொரு வேலைக்கும் உதவுது. ராத்திரி 9 மணி வேலை முடிஞ்சதும், அடையாளம் எதுவும் இல்லாத பேச்சு ஏதாவது இருக்கான்னு மேலிருந்து கீழ ஒரு தடவை பார்க்கணும். அப்படி இருந்தா, தானா போற பதில் மட்டும் போய், மனுஷங்க யாரும் பதில் சொல்லாத ஆள்னு அர்த்தம். அந்தப் பக்கத்துக் குழுவோட அஞ்சு கிலோ மிக்சர் மாதிரி ஒண்ணு தப்பிப் போறது இப்படித்தான். பேச்சு லிஸ்ட்ல கடைசியா நம்ம பதில்தான் தெரியும், பார்த்தா பதில் சொல்லியாச்சுங்கற மாதிரியே இருக்கும். அதனால கடைசி வரியை நம்பாதீங்க, அடையாளத்தை நம்புங்க.

14ஆம் தேதி சாயந்திரம் 6 மணிக்கு முதல் பதில் நின்னதும் ரெண்டாவது பதில் வச்சோம். ஒரு நேரத்துல ஒரு பதில்தான் வைக்க முடியும்ங்கறதால அந்த நேரத்துக்கு ஒருத்தர் உக்காந்து மாத்தணும். எழுதினதை முன்னாடியே ஒரு தாள்ல வச்சிருந்தோம்.

வணக்கம். இது தானாகப் போகும் பதில். தீபாவளி ஆர்டர் முடிந்தது, புதிய ஆர்டர் எடுக்கவில்லை.
ஏற்கெனவே ஆர்டர் செய்தவர்கள்: பார்சல் அக். 15, 16 தேதிகளில் புறப்படும். நேரில் வாங்குபவர்கள் அக். 19 ஞாயிறு மாலை 4 மணிக்குள் வரவும்.
பார்சல் வரவில்லை, பொருளில் குறை என்றால் போன் செய்யுங்கள்: (செல் நம்பர்)

இதுல முதல் வரியிலேயே இல்லைன்னு சொல்லிட்டோம். சிலபேர், பார்க்கலாம்னு சொல்லி வைங்க, வர்ற காசை ஏன் விடணும்னாங்க. ஆனா 15ஆம் தேதிக்கு மேல வர்றவங்களுக்கு வேற கடையைத் தேட இன்னும் நாலு நாள் இருக்கு. நாம இல்லைன்னு அன்னைக்கே சொன்னா அவங்க பண்டிகை கெடாது. பொங்கலுக்கு நம்மகிட்டயே வருவாங்க. மீதி ஏதாவது நின்னா, அதை ஸ்டேட்டஸ்ல போட்டு வித்தோம்.

மெயில் பத்திக் கொஞ்சம். மொத்தமா வாங்கற ஆபீஸ், காலேஜ், மில்லு இவங்கதான் மெயில் போடறாங்க. எங்களுக்குப் பத்துப் பதினஞ்சு மெயில்தான் வந்துச்சு, ஆனா ஒவ்வொண்ணும் இருபது கிலோ, முப்பது கிலோ. ஜிமெயில்ல இதுக்கு Vacation responder னு பேர், Settings ல இருக்கும். தொடங்கற தேதி, முடியற தேதி, தலைப்பு, பதில் நாலையும் எழுதணும். தொடங்கற நாள் நடு ராத்திரியில ஆரம்பிச்சு, முடியற நாள் ராத்திரி வரைக்கும் போகும். வாட்ஸ்அப் மாதிரி மணி குறிக்க முடியாது.

ஜிமெயில்ல ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கணும். ஒரே ஆள் அடுத்தடுத்து மெயில் போட்டா முதல் மெயிலுக்குத்தான் பதில் போகும். நாலு நாள் கழிச்சு அவர் திரும்ப எழுதினாத்தான் மறுபடி போகும். அதனால முதல் பதில்லயே எல்லாம் இருக்கணும். மொத்த ஆர்டருக்கு எங்களுக்கு என்ன தேவைன்னு யோசிச்சோம். எத்தனை பாக்கெட், ஒரு பாக்கெட் எத்தனை கிராம், எந்தத் தேதி, பில் எந்தப் பேர்ல போடணும், பேச வேண்டியவர் போன் நம்பர். இந்த அஞ்சையும் கேட்டு, அதோட எங்க நம்பரையும் கொடுத்து, மொத்த ஆர்டருக்கு ஒரு நாளுக்குள்ள நாங்களே கூப்பிடறோம்னு எழுதினோம். முப்பது கிலோ ஆர்டரை எழுத்துல முடிக்க முடியாது, பேசித்தான் முடிக்கணும். ஒரு நாள் முழு அடுப்பையும் தாண்டற கணக்கு அது, ஒத்துக்கிறதுக்கு முன்னாடி குழுவுலயும் கேக்கணும்.

பண்டிகை முடிஞ்சதும் மறக்காம ரெண்டையும் நிறுத்தணும். நவம்பர்ல ஒருத்தர் சாதாரணமா ஒரு கிலோ மிக்சர் கேக்கும்போது தீபாவளி ஆர்டர் முடிந்ததுன்னு பதில் போனா, கடையையே மூடிட்டாங்கன்னு நெனப்பாங்க. நாங்க ரெண்டாவது பதிலுக்கு அக்டோபர் 21 ராத்திரியை முடிவா வச்சோம். தீர்மானப் புத்தகத்துலயும் ஒரு வரி எழுதி வச்சோம், யார் பார்த்து நிறுத்தணும்னு பேரோட.

கணக்கைச் சொல்லி முடிச்சுடறேன். அந்த ஒன்பது நாள்ல போட்ட பலகாரம் எல்லாம் போயிடுச்சு, கடைசியா நின்ன மூணு கிலோ சீடையும் ஸ்டேட்டஸ்ல போட்ட அன்னைக்கே போச்சு. பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை ஒரு ஆர்டருக்குத்தான் வந்துச்சு. அது துக்க வீட்டு ஆர்டர், நாங்களாத் திருப்பினது. அக்டோபர் தவணையை அந்த மாசமே கட்டிட்டோம்.

பொங்கலுக்கு வைக்கப் போறவங்க, நான் சொன்ன பதிலை அப்படியே எழுதாதீங்க. உங்க பொருளுக்கு எத்தனை நாள் வேணும், உங்களால எந்த நேரத்துல போன் பார்க்க முடியும், போனை எடுக்கப் போறது யாருன்னு குழுவுல உக்காந்து முடிவு பண்ணிட்டு எழுதுங்க. போன்ல வைக்கத் தெரியலைன்னா கூட்டம் முடிஞ்சதும் எங்க குழு உக்காந்திருக்கிற இடத்துக்கு வாங்க, பக்கத்துல வச்சே செஞ்சு தர்றோம்.